அக்கா வரிசையில் நின்ற படம்

எங்கள் வீட்டில் எந்த மெஷினும் சத்தம் போடக்கூடாது. யாரும் எழுதி ஒட்டிய சட்டமில்லை. தில்லி மயூர் விஹாரில் மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்றில் ஐந்து நர்ஸுகள் சேர்ந்து இருந்தோம். ஐந்து பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரி, ஐந்து பேருமே ஐசியு. நாள் முழுக்க மானிட்டரும் வென்டிலேட்டரும் பம்பும் மாற்றி மாற்றிக் கூவுவதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், ‘பீப்’ என்று எது கத்தினாலும் அதைத் தூக்கி ஜன்னல் வழியாக எறியலாம் போலிருக்கும். வாஷிங் மெஷின் வந்த அன்றைக்கே அதன் வாயை அடைத்தோம். மைக்ரோவேவை அடைக்க வழி தெரியவில்லை. அதனால் அது முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிடுவோம். குக்கருக்கு மட்டும் விலக்கு, சோறு வேண்டுமே.

ஆகவே, என் தம்பி புதுக் கேமரா வாங்கிய கையோடு பழையதை என் தலையில் கட்டியபோது, நான் அதில் செய்த முதல் வேலை பீப்பை அணைத்ததுதான். படம் எப்படி எடுப்பது என்று அதற்கப்புறம்தான் கற்றுக்கொண்டேன்.

அந்த வீட்டில் எங்களுக்கெல்லாம் மூத்தவர் அக்கா. நாகர்கோவில் பக்கம். கணவரும் ஏழு வயது மகளும் ஊரில் இருந்தார்கள், இவர் தில்லியில் இருந்தார். எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை என்பதால் எங்கள் இருவருக்கும் பேச்சில் ஒரு ஒட்டுதல் உண்டு. மற்றபடி இரண்டு பேருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நான் எதற்கெடுத்தாலும் பொரிந்து தள்ளுகிறவள். அக்கா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் சாந்தமானவர், பொறுமைசாலி என்று சொன்னால் என்னவோ ஓரமாக உட்கார்ந்து ஜெபமாலை உருட்டுகிறவர் மாதிரி ஆகிவிடும். அப்படி இல்லை. ஒரு காரியம் கெட்டால் எந்த இடத்தில் கெட்டது என்று பார்க்க ஆரம்பித்துவிடுவார், அவ்வளவுதான். கோபத்துக்கு அவரிடம் நேரமில்லை.

நான் ஐசியுவில் சேர்ந்த புதிதில் ஒரு நாள், ஒரு பெட்டின் மானிட்டரில் கோடு நேராகப் படுத்துவிட்டது. நான் அலறிக்கொண்டு எமர்ஜென்சி டிராலியை இழுத்து வந்தேன். அக்கா மானிட்டர் பக்கமே திரும்பவில்லை. நேராக நோயாளியின் முகத்தைப் பார்த்தார். தாத்தா சுகமாக நெஞ்சைச் சொறிந்துகொண்டிருந்தார், சொறிந்த வேகத்தில் நெஞ்சில் ஒட்டியிருந்த லீடு வயர் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அக்கா அதை எடுத்து மறுபடி ஒட்டினார். கோடு எழுந்து நடந்தது.

“மொதல்ல ஆளப் பாரு. பொறவு வயரப் பாரு. மெஷினு கடைசிதான்” என்றார்.

எனக்கு அன்றிலிருந்து அவரைக் கண்டால் ஒரு பிரமிப்பு. அதை மறைக்க முயன்றதும் இல்லை.

இப்படிப்பட்ட அக்கா எங்கள் எந்தப் படத்திலும் இல்லை. இதுதான் விஷயம்.

படம் என்றால் எல்லாரும் வரிசையாக நிற்போம், எதுவோ ஒன்று மக்கர் செய்யும், உடனே அக்கா வரிசையிலிருந்து வெளியே போய்விடுவார். “நீங்க நில்லுங்க, நான் எடுக்கேன்.” இதே வசனம்தான், எப்போதும். போன கிறிஸ்துமஸுக்கு, போனுக்கான புளூடூத் ரிமோட் ஒன்று வாங்கினோம். கட்டைவிரல் அளவு இருக்கும், ஒரே ஒரு பொத்தான். போனின் சத்தத்தைக் கூட்டும் பட்டன் செய்கிற வேலையைத்தான் அது தூரத்திலிருந்து செய்யும். போனில் கேமரா திறந்திருந்தால் அதுவே படம் எடுக்கும். என் போனை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, எல்லாரும் சிரித்துக்கொண்டு நிற்க, நான் பொத்தானை அமுக்கினேன். படம் விழவில்லை. பக்கத்தில் நின்றவள் எங்களில் ஒருத்தியான திண்டுக்கல்காரி, அவள் பையில் இருந்த போனில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது, அதன் சத்தம் கூடியது. மறுபடி அமுக்கினேன், இன்னும் கூடியது. ரிமோட்டை முதலில் அவள் போனோடு சேர்த்துப் பார்த்திருக்கிறாள், அது பழைய சிநேகிதத்தை விடாமல் அங்கேயே போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதைப் பிரித்து என் போனோடு சேர்த்தோம். அதற்குள் சேலை மடிப்பைச் சரிசெய்கிறேன், பொட்டை மாற்றுகிறேன் என்று நாங்கள் நேரத்தைக் கடத்த, பேட்டரியை மிச்சம் பிடிக்க ரிமோட் தூங்கிவிட்டது. அமுக்கினால் விழித்து, போனைத் தேடிப் பிடிப்பதற்குக் கொஞ்ச நேரமாகும். அதுவரை பொறுக்க எனக்கு ஆகாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கு அமுக்கென்று அமுக்க, அக்கா வெளியே போய்விட்டார். “நீங்க நில்லுங்க, நான் எடுக்கேன்.” அந்தக் கிறிஸ்துமஸ் படத்தில் நாலு பேர் இருக்கிறோம்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அக்காவின் மகள் வீடியோ காலில் கேட்டாள். நாங்கள் எல்லாரும் பின்னால் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“அம்மா, எல்லாப் படத்துலயும் எல்லாச் சித்தியும் இருக்காங்க. நீங்க மட்டும் இல்லியே. நீங்க நெசமாவே அங்கதான் இருக்கீங்களா?”

அக்கா சிரித்தார். “நான்தாம்லா மக்ளே எடுக்கேன்.”

“எல்லாத்தையுமா?”

அக்கா பேச்சை மாற்றிவிட்டார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அந்தப் பிள்ளைக்குக் காட்ட ஒரு படம் எடுத்துத்தர எங்களுக்குத் துப்பில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

பிறகு அக்காவுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்தது. அங்கே போய்க் காலூன்றி, பிறகு மகளையும் கணவரையும் வரவழைத்துக்கொள்வது என்று திட்டம். அவர் கிளம்புகிற நாளில் எல்லாரும் ஒன்றாக வீட்டில் இருக்கிற நேரம் என்று பார்த்தால், காலையில் ஒரு அரை மணி நேரம் தேறியது. நைட் டியூட்டி முடிந்து எங்கள் நாலாவது ஆளான மணப்பாறைக்காரி வந்து சேர வேண்டும், மதிய டியூட்டிக்குத் திண்டுக்கல்காரி கிளம்ப வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் படம் எடுத்தாக வேண்டும், அக்காவோடு. அந்த முறை என் கேமராவையே எடுத்தேன். போனில் அதற்கான ஆப் இருந்தது. கேமரா சொந்தமாக ஒரு வைஃபையைப் பரப்பும், போன் அதில் சேர்ந்துகொள்ளும். கேமரா பார்ப்பதெல்லாம் போன் திரையில் தெரியும். இருந்த இடத்திலேயே நின்றுகொண்டு திரையைத் தொட்டால் படம் விழும். முந்தின நாளே ஹாலில் வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டேன், அட்டகாசமாக வேலை செய்தது.

குளிர் விட்டுப்போன காலை, மொட்டை மாடியில் நல்ல வெயில். தண்ணீர்த் தொட்டிகளுக்கு முன்னால் ஸ்டாண்டை நிறுத்தினேன். எதிர்ச் சுவரை ஒட்டி ஐந்து பேரும் நின்றோம், அக்கா நடுவில். மணப்பாறைக்காரி நின்றபடியே தூங்கினாள். எங்களில் ஐந்தாவது ஆள் தில்லிக்காரி. அவள் இங்கேயே மோதி பாக்கில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் பேசுவாள், ஆனால் படிக்க வராது. அவள்தான் முதலில் அவசரப்பட்டாள்.

“ஜல்தி எடுங்க, தூப் கண்ணுல அடிக்குது” என்று என்னை விரட்டினாள். வெயிலை அவள் ‘தூப்’ என்பாள்.

திரையைத் தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை. உற்றுப் பார்த்தால், திரையில் நாங்கள் ஐவரும் அசையாமல் நின்றோம். கையை ஆட்டினேன். திரையில் இருந்தவள் கையை ஆட்டவில்லை.

“இந்தச் சனியன்…” என்று ஆரம்பித்தேன். அக்கா அதற்குள் வரிசையை விட்டு வெளியே போயிருந்தார்.

கேமராவைத் தொட்டுப் பார்த்தார். “ஆளு நல்லாத்தான் இருக்கு. போனைக் காத்துக்கிட்டு நிக்கி.” பிறகு என் போனை வாங்கினார். “இப்பம் வயரப் பாப்போம். வயரு எங்கட்டி?”

“வைஃபைதாங்க்கா வயரு.”

“எந்த வைஃபைல நிக்கி, பாரு.”

பார்த்தேன். எங்கள் வீட்டு வைஃபையில் நின்றது. ரவுட்டர் நேர் கீழே இருக்கிறது. கேமராவின் வைஃபையில் இன்டர்நெட் கிடையாது. போன் கொஞ்ச நேரம் அதில் இருந்து பார்த்துவிட்டு, இங்கே பிழைப்பு நடக்காது என்று தெரிந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டது. தானாகச் சேர்கிற அந்த வசதியை வீட்டு வைஃபைக்கு நிறுத்திவிட்டு, கேமராவோடு மறுபடி சேர்த்தேன். முந்தின நாள் நல்லபிள்ளையாக இருந்துவிட்டு இன்றைக்குப் பார்த்து இப்படிச் செய்கிறதே என்றிருந்தது.

மறுபடி நின்றோம். திரையில் என் கை ஆடியது. எல்லாரும் பல்லைக் காட்டினோம். தொடப்போன சமயம் போன் அடித்தது. வார்டு இன்சார்ஜ், நாளைக்கு என் டியூட்டியை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். எடுத்துப் பேசி வைத்துவிட்டு வந்து பார்த்தால், பேச்சுக்கு இடம்விட்டுப் பின்னால் போன ஆப் கேமராவைக் கைவிட்டிருந்தது.

“ஃபிளைட் மோடுல போடு. பொறவு வைஃபைய மட்டும் தொறந்து விடு” என்றார் அக்கா.

போனை அணைத்துவைக்க எங்களுக்கு மனசு வராது. எந்த நேரத்தில் எந்த பெட்டுக்குக் கூப்பிடுவார்களோ என்றே பழகிவிட்டோம். அக்கா என் முகத்தைப் பார்த்தார். “உனக்கு இன்னைக்கு ஆஃப்தானே? ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிராது.” போட்டேன்.

மூன்றாவது தடவை. தொட்டேன். சத்தமில்லை. திரை திக்கித் திக்கி நகர்ந்தது. எடுத்ததா எடுக்கவில்லையா தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்து அக்கா, “விழலியோ?” என்று கேமராவை நோக்கி நடந்தார். போய்ப் பார்த்தால் படம் விழுந்துதான் இருந்தது. ஆனால் சொன்னது போய்ச் சேரத் தாமதமாகி, அக்கா நடந்து வரும்போது விழுந்திருக்கிறது. படம் பூராவும் அக்காவின் சுடிதார் கலங்கலாக அடைத்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் தில்லிக்காரியின் பாதி முகம்.

“எனக்கு மெட்ரோக்கு நேரமாச்சு” என்றாள் திண்டுக்கல்காரி, அழுகிற குரலில். “இன்னும் அஞ்சு நிமிசம்தான்க்கா.”

அக்கா துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டார். எனக்குத் தெரியும், அடுத்து என்ன வரப்போகிறது என்று.

“போட்டும், விடுங்கட்டி. நீங்க நில்லுங்க, நான்…”

“எடுக்கக் கூடாது!” என்று கத்தினேன். பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தார். “நீங்க எடுக்கவே கூடாது. ஒங்க பிள்ளைக்கு எங்க மூஞ்சி எதுக்கு? ஒங்க மூஞ்சிதான வேணும்! நீங்க இல்லாத படம் எனக்கு வேண்டாம், ஒண்ணு கூட வேண்டாம்.”

மணப்பாறைக்காரிக்குத் தூக்கம் கலைந்தது. அக்கா என்னைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். அவர் கண்ணில் அந்தப் பழைய பார்வை வந்தது, கோடு படுத்துவிட்ட பெட்டுக்குப் பக்கத்தில் பார்த்தேனே, அது.

“ஆளு நல்லாருக்கு, வயரும் ஒட்டியாச்சு. படமும் விழுது. விழுந்தது நமக்குத்தான் தெரியமாட்டேங்கு.” என் பக்கம் திரும்பினார். “அப்பம் அலாரம் எங்க?”

“என்ன அலாரம்?”

“கேமராக்குச் சத்தம் உண்டும்லா. அத யாரு அணைச்சது?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன்.

டியூட்டியில் ஏறியதும் முதல் வேலையாக எந்த அலாரமாவது அணைந்திருக்கிறதா என்றுதான் பார்ப்போம். கத்துகிற மானிட்டரைக் கண்டு நாங்கள் பயப்படுவதில்லை. அப்படிப்பட்ட ஐந்து பேர், சத்தத்தை அடைத்துவைத்துவிட்டு, படம் விழுந்ததா என்று கேமராவிடம் போய்ப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தோம். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சத்தத்தத் தொற. கூடவே டைமரும் வையி. ஆப்ல அமுக்கினா, கேமரா ‘பீப்’னு எண்ண ஆரம்பிக்கும். அந்தச் சத்தம் வந்தாச்சுன்னா சொன்னது போய்ச் சேந்தாச்சுன்னு அர்த்தம். பொறவு படம் விழுகது வர யாரும் எடத்த விட்டு அசையப்படாது.”

“நீங்கதான் அசையப்படாது” என்றேன்.

பீப்பைத் திறந்துவிட்டேன், டைமரையும் வைத்தேன். வரிசைக்கு வந்து அக்காவுக்கு ஒட்டினாற்போல் நின்றுகொண்டேன். ஒரு கையில் போன். இன்னொரு கையால், யாருக்கும் தெரியாமல், அக்காவின் துப்பட்டாவை முதுகுப் பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டேன். இவரை நம்ப முடியாது.

திரையைத் தொட்டேன்.

பீப்.

அச்சா, போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்தேன். பீப். பீப். நிதானமாக எண்ணியது. எங்கள் மாடியில் முதல் தடவையாக ஒரு மெஷின் வாய் திறந்து கூவியது. கடைசியில் அது வேகமெடுத்தது, பீப்பீப்பீப்பீப் என்று. அந்தக் கடைசிச் சத்தத்துக்கு ஐந்து பேரும் என்ன செய்தோம் என்பது படத்தில் இருக்கிறது.

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்த முகமெல்லாம் ஒரே நொடியில் டியூட்டி முகமாகிவிட்டது. மணப்பாறைக்காரி கண்ணை அகல விரித்துச் சுவரை விட்டு விலகியிருக்கிறாள். திண்டுக்கல்காரியின் கை, அங்கே இல்லாத ஸ்டெதஸ்கோப்பைத் தேடிக் கழுத்துக்குப் போயிருக்கிறது. தில்லிக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருக்கிறாள். நானும் அப்படித்தான், போன் பிடித்த கை அந்தரத்தில் நிற்கிறது. நடுவில் அக்கா. எங்கள் எல்லாருக்கும் முன்பாக அவர் காலெடுத்து வைத்துவிட்டார், இரண்டு கையும் நீண்டிருக்கின்றன. கண் நேராகக் கேமராவைப் பார்க்கிறது. துப்பட்டா மட்டும் பின்னால் விறைப்பாக இழுபட்டு நிற்கிறது, அதன் முனை என் கையில். அந்த ஒரு பிடியால்தான் அவர் வரிசையில் இருக்கிறார்.

கேமராவின் முதுகில் அதைப் பார்த்ததும் ஐந்து பேரும் மொட்டை மாடியில் விழுந்து விழுந்து சிரித்தோம். எனக்கு வயிறு வலித்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாசமாப் போச்சு, அஞ்சு பைத்தியம்” என்றார்.

“இன்னொண்ணு, சிரிச்ச மாதிரி?” என்றேன்.

“எனக்கு நேரமே இல்லக்கா” என்று அழுதுகொண்டே சிரித்தாள் திண்டுக்கல்காரி. அக்காவைக் கட்டிப்பிடித்துவிட்டுப் படியில் இறங்கி ஓடினாள். அவள் மெட்ரோவைப் பிடித்தாளா இல்லையா என்பது வேறு கதை. ஆக, அந்த ஒரு படம்தான்.

கீழே வந்து, ஆப் வழியாகவே படத்தைப் போனுக்கு இறக்கினேன். ஃபிளைட் மோடை எடுத்துவிட்டு அக்காவின் கணவருக்கு அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் எனக்கு யோசனை வந்தது. அந்தப் பிள்ளை கேட்டது என்ன, நாங்கள் அனுப்பியது என்ன? அம்மா அழகாக நின்று சிரிக்கிற படம் கேட்டவளுக்கு, அம்மா யார் மேலோ பாயப்போகிற படத்தை அனுப்பியிருக்கிறேன். அக்கா கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றி ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார்.

அப்போது என் போனுக்கு ஊரிலிருந்து குரல் செய்தி வந்தது. அக்கா ஜிப்பை விடவில்லை, “நீயே போடு” என்றார். போட்டேன். அந்தப் பிள்ளைக்கு மூச்சு வாங்கியது, அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு, விளையாட்டிலிருந்து ஓடி வந்திருப்பாள் போல.

“அம்மா! படம் பாத்தேன். நீங்க இருக்கீங்க. நடுவுல இருக்கீங்க.” பிறகு குரல் தாழ்ந்தது. “அம்மா, நீங்க யாரப் பாத்து இப்பிடி ஓடி வாறீங்க? என்னையவா?”

அக்காவின் கை ஜிப்பிலேயே நின்றுவிட்டது. எத்தனையோ ராத்திரிகள் ஐசியுவில் அவரோடு நின்றிருக்கிறேன், என்னென்னவோ பார்த்திருக்கிறோம், அந்த முகம் ஆடிப்போய் நான் கண்டதில்லை. அன்றைக்கு ஆடியது. பெட்டியின் மேலேயே உட்கார்ந்து, என் கையிலிருந்து போனை வாங்கி, பேசுகிற பொத்தானை அமுக்கினார்.

“ஆமா மக்ளே” என்றார். “ஒன்னையத்தான்.”